பில் தொகை அடக்க விலை அல்ல

"ஜிஎஸ்டி நம்பர் எடுத்தால் விலை 18 சதவீதம் ஏறிவிடும். நம்பர் இல்லாத பக்கத்துக் கடைக்காரன் அந்த 18 சதவீதத்தைக் குறைத்து விற்பான். வியாபாரம் அவனிடம் போய்விடும்." தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் இதைக் கேட்கலாம். எலக்ட்ரிக்கல் கடை, ஹார்டுவேர் கடை, பாத்திரக் கடை என்று வேறுபாடில்லை. சங்கக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுபவர்களும் இதைச் சொல்கிறார்கள். வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்களில் சிலரும் மறுக்காமல் தலையாட்டுகிறார்கள்.

அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். மொத்த வியாபாரியிடம் 90 மீட்டர் ஒயர் காயில் ஒன்று வாங்குகிறோம். சரக்கு மதிப்பு 1,000 ரூபாய், மத்திய வரி 90, மாநில வரி 90, ஆக 1,180. கையை விட்டுப் போனது 1,180 என்பதால் அதுவே அசல். அதன்மேல் பத்து சதவீத லாபம் வைத்தால் 1,298. விற்கும்போது மறுபடியும் 18 சதவீதம் வரி போட வேண்டும், அப்போது பில் 1,532 ரூபாயைத் தொடுகிறது. அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். சரி, வரியையும் உள்ளடக்கி 1,298க்கே கொடுப்போம் என்றால், அதில் 198 ரூபாய் வரி. 1,298லிருந்து 1,180ஐயும் 198ஐயும் கழித்தால் 80 ரூபாய் கைநஷ்டம். ஆகவே பில் போட்டு விற்பது நஷ்டம். பில் இல்லாமல் வாங்கி, பில் இல்லாமல் விற்பதே சிறு வியாபாரி பிழைக்கும் வழி. இதுதான் வாதம்.

இப்படிக் கணக்கிடுபவர்கள் அறியாமையால் செய்வதில்லை. ஒரு காலத்தில் இது சரியான கணக்காக இருந்தது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டத்தின் கீழ் பெரும்பாலான சரக்குகளுக்கு முதல் விற்பனையில் ஒரே ஒருமுறை வரி விழுந்தது. அதன்பின் கைமாறிய ஒவ்வொரு கடைக்காரருக்கும் அந்த வரி சரக்கின் விலைக்குள் புதைந்தே வந்தது. அவர் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் விற்கும்போது அவர் வரி கட்ட வேண்டியதும் இல்லை. பில் தொகையை அசலாக எடுத்தது அன்று சரி. 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி வந்தபோதே அந்தக் கணக்கு பெருமளவு காலாவதியானது. ஆனாலும் வெளிமாநிலச் சரக்குக்குக் கட்டிய மத்திய விற்பனை வரி திரும்பக் கிடைக்கவில்லை, ஆலையிலேயே விழுந்த கலால் வரியும் சாதாரணக் கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை. 2017 ஜூலை 1க்குப் பிறகு அவையும் போய்விட்டன. மும்பையிலிருந்து வரும் சரக்கின் ஒருங்கிணைந்த வரியும் இன்று வரவாகக் கிடைக்கிறது. சட்டம் மாறியது, அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதும் ரகசிய எழுத்துகள் மாறவில்லை. கடைப் பையனுக்கும் முதலாளிக்கும் மட்டும் புரியும் அந்த அசல் குறியீட்டில் இன்றைக்கும் 1,180தான் இருக்கிறது. தவறு அங்கே தொடங்குகிறது.

1. அந்த 180 ரூபாய் செலவே இல்லை.

பதிவு பெற்ற வியாபாரி சரக்கு வாங்கும்போது கட்டும் வரி, உள்ளீட்டு வரி வரவாக அவருடைய மின்னணு வரவுப் பேரேட்டில் போய் உட்காருகிறது. கடைக்காரர்கள் "இன்புட்" என்று சொல்வது இதைத்தான். விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து இதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டினால் போதும். அப்படியானால் அசல் 1,000 மட்டுமே. அதன்மேல் பத்து சதவீதம் வைத்தால் 1,100. அதற்கு வரி 198. வாடிக்கையாளர் கொடுப்பது 1,298. அரசுக்குப் போவது 198 அல்ல, 198லிருந்து 180 போக 18 ரூபாய். கடைக்காரர் கையில் நிற்பது முழுதாக 100 ரூபாய்.

மேலே 80 ரூபாய் நஷ்டம் காட்டிய அதே 1,298 ரூபாய் விலைதான் இது. விலை மாறவில்லை, வரி மாறவில்லை, கணக்கு மட்டும் மாறியது. 80 ரூபாய் நஷ்டம் என்ற பயத்தில் ஒருவர் பில் போடுவதையே நிறுத்துகிறார் என்றால், அவர் பயந்தது கட்ட வேண்டியே இராத ஒரு தொகைக்கு.

மொத்தத்துக்கு மொத்தம் ஒப்பிடுபவர்களும் உண்டு. 1,180க்கு வாங்கினேன், 1,298க்கு விற்றேன், 118 லாபம் என்பார்கள். இவர்கள் நஷ்டப்பட மாட்டார்கள், ஆனால் லாபத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்த 118இல் 18 அரசுடையது. போட்டிக்காக விலையை 1,250க்கு இறக்கும்போது "இன்னும் 70 நிற்கிறது" என்று நினைப்பார்கள். உண்மையில் நிற்பது 59 ரூபாயும் சில்லறையும். வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் ஒரே 18 சதவீத வரி என்றால், இப்படித் தெரியும் லாபத்தை 1.18ஆல் வகுத்தால் உண்மை லாபம் வரும். தள்ளுபடி கொடுக்கும் முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாததால்தான், ஆண்டு முழுக்க நன்றாக ஓடிய கடையில் மார்ச் மாதம் பணம் எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

2. பக்கத்துக் கடை 18 சதவீதம் மலிவாக விற்க முடியும் என்பது கட்டுக்கதை.

நம்பர் இல்லாத அந்தக் கடைக்காரரும் அதே மொத்த வியாபாரியிடம்தானே வாங்குகிறார்? அவரும் 1,180 கொடுத்தே வாங்குகிறார். அவருக்கு இன்புட் கிடையாது என்பதால் அவருக்கு அசல் மெய்யாகவே 1,180. அவரும் 100 ரூபாய் லாபம் எடுத்தால் விலை 1,280. பதிவு பெற்ற கடையின் விலை 1,298. வித்தியாசம் 18 ரூபாய், ஒன்றரை சதவீதம்கூட இல்லை.

எந்த வரியில் இந்த வித்தியாசம் வருகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1,000 ரூபாய்ச் சரக்கின் மேல் விழுந்த வரி இரண்டு கடையிலும் ஒன்றே. பதிவு பெற்றவர் கூடுதலாகச் சுமப்பது தன்னுடைய 100 ரூபாய் லாபத்தின் மேல் விழும் 18 சதவீதம் மட்டும். லாபம் குறைவாக வைத்து விற்கும் சரக்கில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும், லாபம் அதிகமான சரக்கில் விரியும். 1,000 ரூபாய்ச் சரக்கில் 400 ரூபாய் லாபம் வைக்கும் கடைக்கு இடைவெளி 72 ரூபாய். அலங்கார விளக்கு விற்பவர் இதைப் பற்றிக் கவலைப்படலாம், ஒயரும் பைப்பும் விற்பவர் கவலைப்பட அதில் ஒன்றுமில்லை.

இந்த ஒப்பீடும் எல்லாக் கடைக்கும் பொருந்தாது. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு வேண்டாம் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்குக் கீழே இருப்பவருக்கு மட்டுமே உண்டு.

3. எதிரிலே நிற்பவர் யார் என்று கேட்காமல் விலை பேசுகிறார்கள்.

வீட்டுக்கு ஒயர் வாங்க வந்தவருக்கு 1,280, 1,298 என்ற இரண்டும் அப்படியே விலை. ஆனால் ஊருக்கு வெளியே இருக்கும் நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவுக்கு வாங்க வந்தவருக்குக் கணக்கு வேறு. ஆலை பதிவு பெற்றது. நம்பர் உள்ள கடையில் 1,298 கொடுத்தால் 198 அவர்களுக்கு இன்புட்டாகத் திரும்புகிறது, நிகர விலை 1,100. நம்பர் இல்லாத கடையில் 1,280 கொடுத்தால் எதுவும் திரும்பாது, நிகர விலை 1,280. மலிவுக் கடை என்று பெயரெடுத்தது இந்த வாடிக்கையாளருக்கு 180 ரூபாய் விலை கூடிய கடை. அந்த இடைவெளியை லாபத்தைக் குறைத்து நிரப்பவும் முடியாது. லாபமே இல்லாமல் அசலுக்குக் கொடுத்தாலும் 1,180தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதே ஆலை தனக்கென்று புதுக் கட்டடம் எழுப்பி அதற்குள் அந்த ஒயரைப் பதித்தால் இன்புட் தடுக்கப்படும். இயந்திரப் பராமரிப்புக்கு என்றால் கிடைக்கும். இது வாங்குபவர் பாடு, ஆனால் கடைக்காரர் இதைத் தெரிந்து பேசினால் விலை பேச்சு சீக்கிரம் முடியும்.

4. பில் இல்லாச் சரக்கு மலிவு என்பதுதான் இருப்பதிலேயே விலையுயர்ந்த தவறு.

மொத்தக் கடையில் மெல்லிய குரலில் சொல்வார்கள்: "பில் வேண்டாம்னா 1,100 போட்டுக்கலாம் அண்ணாச்சி." 1,180 எங்கே, 1,100 எங்கே என்று அண்ணாச்சி மகிழ்ந்துபோகிறார். 80 ரூபாய் மிச்சம் என்று அவர் நினைக்கிறார்.

அவருடைய அசல் 1,000ஆக இருந்தது. இப்போது 1,100 ஆகிவிட்டது. மிச்சம் இல்லை, 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இதே காயிலைக் கடையில் பில் போட்டு 1,298க்கு விற்றால், 198 ரூபாய் வரியையும் முழுதாகக் கட்ட வேண்டும், கழிக்க இன்புட் இல்லை. கையில் நிற்பது 1,100. கொடுத்ததும் 1,100. லாபம் பூஜ்யம். பில் போட்டு விற்கும் கடைக்குப் பில் இல்லாச் சரக்கு 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தால் ஒழியக் கட்டுபடி ஆகாது. அப்படி யாரும் கொடுப்பதில்லை. ஏனென்றால் கொடுப்பவர் கணக்குத் தெரிந்தவர். அண்ணாச்சியிடம் வசூலித்து அரசுக்குச் சேர்க்க வேண்டிய 180 ரூபாயில், 80ஐ அண்ணாச்சிக்குக் காட்டிவிட்டு 100ஐத் தான் வைத்துக்கொள்கிறார்.

இதற்குப் பதில் உடனே வரும்: "நான் விற்பதும் பில் இல்லாமல்தானே?" இந்தப் பதிலைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 1,100க்கு வாங்கி 1,200க்கு விற்றால் 100 லாபம் நிற்கும், வாங்குபவருக்கும் 98 ரூபாய் குறையும். வாய்பாடு அதுவரை சரி. ஆனால் அதில் அண்ணாச்சிக்குக் கிடைத்தது என்ன? பில் போட்டபோது கிடைத்த அதே 100. பயன் அடைந்தவர்கள் மொத்த வியாபாரியும் வாடிக்கையாளரும். பிடிபட்டால் மாட்டுபவர் அண்ணாச்சி. வரியை மறைத்ததாக அதிகாரி முடிவு செய்தால், 1,200 ரூபாய் விற்பனைக்குக் குறைந்தது 183 ரூபாய் வரி, அதற்குச் சமமான அபராதம், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒரு காயில் பிடிபட்டால் நான்கு காயிலின் லாபம் அத்தோடு போகிறது. 100 ரூபாயை விட அதிகம் சம்பாதிக்க 1,280க்கு விற்கலாம் என்றால், அது பக்கத்துக் கடையின் விலை, மலிவு என்ற பேச்சே அங்கே முடிந்துவிடுகிறது. நூற்பாலைக்காரர் அப்போதும் வர மாட்டார், அவருக்குப் பில் வேண்டும்.

இது அதோடு நிற்பதுமில்லை. பில் இல்லாமல் வந்த சரக்கைப் பில் போட்டு விற்க வேண்டிய நாள் ஒன்று வரும். அப்போது இருப்புக் கணக்கு ஒத்துப்போகாது. அதை ஒத்துப்போக வைக்கச் சரக்கில்லாத வெறும் பில்லைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். சரக்கு கைக்கு வராமல் எடுத்த இன்புட் சட்டப்படி இன்புட்டே இல்லை. பில் விற்றவரின் பதிவு ரத்தாகும் நாளில், வாங்கிய அத்தனை கடைகளுக்கும் நோட்டீஸ் வரும். 80 ரூபாய் மிச்சத்தில் தொடங்கியது அங்கே கொண்டுபோய் விடுகிறது.

5. "வரி கூடினபோது வாங்கி, குறைந்தபோது விற்றேன், நஷ்டம்" என்றவர்களில் பலர் நஷ்டப்படவில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. சிமென்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அன்று ஹார்டுவேர் கடைகளில் எழுந்த புலம்பல், பில் தொகையை அசல் என்று நம்புவதன் விளைவை அப்பட்டமாகக் காட்டியது.

ஒரு மூட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சரக்கு மதிப்பு 300, வரி 84, பில் 384. பத்து ரூபாய் லாபத்துக்கு முன்பு விற்ற விலை 396 ரூபாய் 80 காசு. மாற்றத்துக்குப் பிறகு 310 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்தால் 365 ரூபாய் 80 காசு. "384க்கு வாங்கி 366க்கு விற்கச் சொல்கிறார்களே" என்று கொதித்தார்கள். பில் தொகையை அசல் என்று வைத்தால் மூட்டைக்கு 18 ரூபாய் நஷ்டம்தான் தெரியும்.

இன்புட்டைக் கணக்கில் எடுத்தால்? விற்ற பில்லில் வரி 55 ரூபாய் 80 காசு. பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும் வரவு 84 ரூபாய். வரி முழுதும் அதிலிருந்தே கழிந்து, 28 ரூபாய் 20 காசு மிஞ்சுகிறது. அந்த மிச்சம் சிமென்டுக்கு மட்டும் என்று கட்டிவைக்கப்படவில்லை. அதே கடையில் விற்கும் பெயின்ட்டின் வரிக்கும் பைப்பின் வரிக்கும் அதை வைத்துக் கழிக்கலாம். கழித்து முடித்ததும் மூட்டைக்குப் பத்து ரூபாய் லாபம் அப்படியே இருக்கிறது.

உண்மையான பாதிப்பு வேறு இடத்தில் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிமென்ட் மட்டுமே விற்கும் கடையில் அந்த 28 ரூபாயைக் கழிக்க வேறு சரக்கு உடனடியாக இல்லை. புதுச் சரக்கின் லாபத்தின் மேல் விழும் மூட்டைக்கு 1 ரூபாய் 80 காசு வரியில்தான் அது மெல்ல மெல்லக் கரையும். விகிதம் குறைந்ததால் தேங்கிய இப்படியான வரவுக்கு ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. பணம் மாதக்கணக்கில் முடங்கும். அதற்கும் மேலே அடிபட்டவர் கம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர். அவருக்கு இன்புட் இல்லை, அசல் மெய்யாகவே 384. ஊரெல்லாம் 366க்கு விற்கும்போது அவர் மட்டும் வேறு விலை சொல்ல முடியாது. அவருடைய நஷ்டம் நிஜம். எல்லோரும் ஒரே குரலில் புலம்பியதால், நஷ்டப்பட்டவர் யார், பணம் முடங்கியவர் யார், ஒன்றும் ஆகாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போனது.

6. "இன்புட் வரும் என்று என்ன நிச்சயம்?" இதுதான் எதிர்த்தரப்பின் ஒரே வலுவான கேள்வி.

இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தன் விற்பனைப் பட்டியலில் நம் பில்லை ஏற்றி அது நம்முடைய GSTR-2B அறிக்கையில் தெரிந்தால்தான் இன்புட் எடுக்க முடியும். பணம் கொடுத்தாயிற்று, சரக்கு வந்தாயிற்று, பில் கையில் இருக்கிறது என்றாலும் அங்கே வரவில்லை என்றால் கிடைக்காது. விற்றவர் பட்டியலை ஏற்றிவிட்டு வரியைக் கட்டாமல் விட்டாலும், நாம் எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அவர் கட்டிய பிறகே மறுபடி எடுக்கலாம். அடுத்தவர் செய்த தவறுக்கு வாங்கியவரைத் தண்டிப்பது அநியாயம் என்று வியாபாரிகள் சொல்வது நியாயமானது. நானும் அதைச் சொல்கிறேன்.

ஆனால் இதிலிருந்து "ஆகவே பில் தொகையே அசல்" என்ற முடிவுக்குப் போவது தவறு. சரியான முடிவு, அசல் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே. ஒரு மொத்த வியாபாரி 1,000க்கும் இன்னொருவர் 985க்கும் கொடுக்கிறார்கள் என்று வைப்போம், இரண்டுமே வரிக்கு முந்தைய மதிப்பு. முதலாமவர் மாதம் தவறாமல் ஏற்றுகிறார். இரண்டாமவர் ஏற்றவே இல்லை என்றால், அவருடைய சரக்கின் அசல் 985 அல்ல, வரியோடு சேர்த்து 1,162. அவர் இரண்டு மாதம் தாமதமாக ஏற்றுகிறார் என்றால் கதை வேறு. முடங்கும் 177 ரூபாய்க்கு ஆண்டு 18 சதவீத வட்டி போட்டாலும் ஐந்து ரூபாய் சொச்சம்தான். 985உடன் ஐந்தைச் சேர்த்தால் 990. அவர் அப்போதும் மலிவானவரே. தாமதம் சிறிய செலவு, இழப்பு பெரிய செலவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "இன்புட்டெல்லாம் வராது" என்று பொதுவாகச் சொல்வது, கணக்கைச் செய்யாமலிருக்க ஒரு சாக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? மாதம் 14ஆம் தேதி GSTR-2B அறிக்கை உருவாகும். கையிலிருக்கும் கொள்முதல் பில்களை எடுத்து அதோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கும் சிறிய மொத்த வியாபாரியின் பில் நடு மாதத்தில் வராமல், காலாண்டு முடிந்து வருவது இயல்பு. அவசரப்பட்டு அதைத் தொலைந்ததாக எழுத வேண்டாம். ஒரேயடியாக வராமல் போகும் பில்களுக்குப் பெரும்பாலும் எளிய காரணம் இருக்கும். கடையில் நம் ஜிஎஸ்டி நம்பரைச் சொல்லாமல் வாங்கியிருப்போம், அவர் அதைச் சாதாரண நுகர்வோர் விற்பனையாகப் போட்டிருப்பார். அல்லது நம்பரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். கேட்டால் திருத்துவார்கள், கேட்பதற்குக் காலக்கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் இன்புட்டை அடுத்த நவம்பர் 30க்குள் எடுக்க வேண்டும், ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அந்த நாளோடு சரி. கடனுக்கு வாங்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இன்னொன்று: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் மொத்த வியாபாரிக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு இன்புட் மறுபடி கிடைக்கும், வட்டி கிடைக்காது. அந்த வட்டியும் அசலில் சேர்வதே.

உடைந்த சரக்குக்கும் திருடுபோன சரக்குக்கும் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். அங்கே 1,180 என்ற எண் உண்மை. டியூப் லைட்டும் பீங்கானும் விற்கும் கடைகள் உடைசலுக்கு வைக்கும் ஒதுக்கீட்டை வரியோடு சேர்த்தே போட வேண்டும்.

7. "கம்போசிஷனில் இருந்தால் ஒரு சதவீதம்தான்" என்பதும் அதே பிழையின் மறுபக்கம்.

விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வியாபாரி இந்தத் திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். 18 எங்கே, ஒன்று எங்கே என்று இதற்குத் தாவுகிறார்கள். ஆனால் அந்த ஒரு சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வரியென்று வசூலிக்க முடியாது, இன்புட்டும் எடுக்க முடியாது. அசல் 1,180. 100 லாபம் நிற்க வேண்டும் என்றால் ஒரு சதவீதத்தையும் சேர்த்து 1,293க்கு விற்க வேண்டும். முழு வரிக் கடையின் விலை 1,298. பதினெட்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம் கடைசியில் ஐந்து ரூபாயாக நிற்கிறது.

அந்த ஐந்து ரூபாயும் நிலையானதல்ல. கடை வாடகை, கணினி, சரக்கு அனுப்பும் செலவு இவற்றின் பில்லிலும் வரி இருக்கிறது. மாதம் 500 காயிலுக்கு ஈடான சரக்கு விற்கும் கடை, பதிவு பெற்ற கட்டட உரிமையாளருக்கு 20,000 வாடகையும் 3,600 வரியும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முழு வரிக் கடைக்கு 3,600 திரும்பி வருகிறது, காயிலுக்கு 7 ரூபாய் 20 காசு. அந்தத் தொகையை லாபத்தில் குறைத்துக்கொண்டு விலையை 1,289 ரூபாய் 50 காசுக்கு இறக்கினாலும் இரண்டு கடையிலும் கையில் நிற்பது ஒன்றே. இப்போது முழு வரிக் கடையே மலிவான கடை. கட்டட உரிமையாளர் பதிவு பெறாதவர் என்றால் இந்தச் சாதகம் வராது. முழு வரிக் கடைக்காரரே வாடகை வரியைக் கட்டி அவரே இன்புட் எடுக்க வேண்டும், கூட்டிக் கழித்தால் சமமாகிவிடும். கணக்கு எழுதும் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். மாதம் 2,000 கூடுதலாக ஆகிறது என்றால் காயிலுக்கு நான்கு ரூபாய்.

ஆகவே, கம்போசிஷனா முழு வரியா என்பதை வரி விகிதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. போன மாத விற்பனையைப் புரட்டி, எத்தனை பேர் தங்கள் ஜிஎஸ்டி நம்பரைக் கேட்டு எழுதச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள், லாப விகிதம் அதிகம், வாடகைக்கு வரி இல்லை என்றால் கம்போசிஷன் நியாயமான தேர்வு. விற்பனையில் கால்பங்கேனும் பட்டறைக்கும் ஆலைக்கும் பதிவு பெற்ற ஒப்பந்ததாரருக்கும் போகிறது என்றால், கம்போசிஷனில் இருக்கும் கடை அவர்களிடம் ஒவ்வொரு காயிலையும் 1,293 ரூபாய் நிகர விலைக்கு விற்க முயல்கிறது, எதிர்க் கடையில் அது 1,100.